ட்ரோன், உழவு, அறுவடை வாடகைத் தொழிலுக்கு என்ன பெயர் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூர், தஞ்சாவூர் பக்கம் புதிதாக ட்ரோன் வாங்குகிறவர்களும், டிராக்டரும் அறுவடை மெஷினும் வாடகைக்கு விடுகிறவர்களும் போர்டு எழுதவும் விசிட்டிங் கார்டு அடிக்கவும் எங்களிடம் வரும்போது கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் டெல்டாவை மனதில் வைத்து எழுதியவை. மற்ற பகுதிகளுக்கு எங்கே மாறும் என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

"பையன் 'கிரீன்விங்ஸ் அக்ரிடெக் சொல்யூஷன்ஸ்'னு பேர் வைக்கச் சொல்றான். கேட்க நல்லாத்தான் இருக்கு. வைக்கலாமா?"

வங்கியில் கடன் கேட்கப் போகும்போது அந்தப் பெயர் எடுப்பாக இருக்கும். வரப்பில் நிற்கிற ஆளுக்கு அதில் ஒரு சொல் கூட வேலையைச் சொல்லவில்லை. 'அக்ரி' என்று போர்டில் பார்த்தால் உரக்கடை என்றுதான் முதலில் நினைப்பார்கள், ஏனென்றால் ஊரில் அந்தச் சொல்லோடு இருக்கும் கடைகளில் பாதி உரக்கடைகள். 'டெக்' என்றால் செல்போன் கடையோ கம்ப்யூட்டர் சென்டரோ. 'சொல்யூஷன்ஸ்' யாருக்கும் எதுவும் சொல்லாது.

விவசாயி உங்களைத் தேடுகிற நேரத்தை யோசித்துப் பாருங்கள். சம்பாவில் இலைச்சுருட்டுப் புழு தெரிகிறது, கைத்தெளிப்பான் அடிக்க ஆள் கிடைக்கவில்லை. அவர் பக்கத்து வயல்காரரிடம் "ட்ரோன்ல மருந்து அடிக்கிறாங்களே, அவங்க நம்பர் இருக்கா?" என்று கேட்பார். அந்த வாக்கியத்தில் இருக்கும் சொற்களில் ஒன்றிரண்டு உங்கள் பெயரில் இருந்தால் போதும். 'கிரீன்விங்ஸ்' என்பதை நீங்கள் உத்யம் பதிவிலும் பில் புத்தகத்திலும் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. போர்டில் பெரிதாக வரவேண்டியது வேறு.

"சரி, நேரடியா 'முருகன் ட்ரோன்ஸ்'னு போட்டுட்டா போதும்தானே?"

போதாது. காரணம் கல்யாண வீடியோ. நம் ஊர்களில் ட்ரோன் முதலில் வந்தது வயலுக்கு அல்ல, கல்யாண மண்டபத்துக்கும் தேர்த் திருவிழாவுக்கும். இன்றைக்கும் 'ட்ரோன்' என்று தனியாகச் சொன்னால் நிறையப் பேருக்கு கேமராதான் நினைவுக்கு வரும். வெறும் 'ட்ரோன்ஸ்' என்று போர்டு வைத்தால் முகூர்த்த மாதங்களில் "ஒரு நாளைக்கு எவ்வளவு? ஆல்பமும் சேர்த்தா?" என்று போன் வரும். மருந்து அடிக்க ஆள் தேடுகிறவர் அந்தப் போர்டைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போய்விடுவார்.

அதனால் 'ட்ரோன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நிலத்தைச் சொல்லும் ஒரு சொல் வேண்டும். டெல்டாவில் நான் பரிந்துரைப்பது 'வயல் ட்ரோன்'. இரண்டே சொல், போனில் சொன்னால் தப்பாகக் கேட்காது, கேமராக்காரரிடமிருந்து உடனே பிரித்துக் காட்டும். நானோ யூரியா தெளித்தாலும், நுண்ணூட்டம் தெளித்தாலும், பின்னால் விதை தூவும் பெட்டியை வாங்கி மாட்டினாலும் பெயரை மாற்ற வேண்டியதில்லை.

'வானூர்தி', 'ஆளில்லா விமானம்' என்று போட்டுத் தரச் சொல்கிறவர்களும் உண்டு. பத்திரிகையில் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் வயலில் யாரும் அப்படிச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

"பேர்லயே 'மருந்து'ன்னு வச்சா இன்னும் தெளிவா இருக்காதா? 'மருந்து ட்ரோன்' மாதிரி?"

இருக்கும். மறுக்கவில்லை. விவசாயி வாயில் புழங்கும் சொல் 'மருந்து அடிக்கிறது'தான். 'தெளிப்பு' கூட வேளாண்மைத் துறை நோட்டீஸில்தான் அதிகம். இருந்தாலும் பெயருக்குள் அதைக் கொண்டுவரும்போது ஒரு சிக்கல் வருகிறது: நீங்கள் மருந்து விற்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். 'மருந்து ட்ரோன் சென்டர்' என்று போர்டு இருந்தால், "தம்பி, குருத்துப்பூச்சிக்கு என்ன இருக்கு, ரெண்டு பாட்டில் கொடு" என்று வந்து நிற்பார்கள். பூச்சிமருந்து விற்க 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். அது இல்லாமல் விற்கிற மாதிரி ஒரு தோற்றத்தை நீங்களே போர்டில் எழுதி மாட்டுவது தேவையில்லாத வம்பு.

இன்னொன்று, மருந்து யார் வாங்கிக் கொடுப்பது என்பதில் சண்டை வரும். பெரும்பாலான ட்ரோன்காரர்கள் மருந்து விவசாயியுடையது, அடிக்கும் கூலி மட்டும் தங்களுடையது என்றுதான் தொழில் செய்கிறார்கள். பெயரில் 'மருந்து' இருந்தால், சொன்ன ரேட்டில் மருந்தும் சேர்த்திதான் என்று ஒருவர் நம்பியிருப்பார். வேலை முடிந்து பணம் வாங்கும்போதுதான் அது தெரியவரும்.

அதனால் மேல் வரியில் 'வயல் ட்ரோன்', அதற்குக் கீழே இரண்டாவது வரியில் 'மருந்து அடித்துத் தரப்படும்'. இந்த 'தரப்படும்' என்ற ஒரு சொல், வேலையை நாங்கள் செய்துகொடுக்கிறோம், பொருளை விற்கவில்லை என்பதைச் சொல்லிவிடும். 'போர் போட்டுத் தரப்படும்', 'பந்தல் போட்டுத் தரப்படும்' என்று ஏற்கனவே ஊருக்குப் பழகிய போர்டு மொழி அது.

"'சர்வீஸ்', 'வாடகை', 'மையம்' இதுல எதைச் சேர்க்கிறது?"

'சர்வீஸ்' வேண்டவே வேண்டாம். 'டிராக்டர் சர்வீஸ்' என்றால் ஆயில் மாற்றி, கிளட்ச் பார்த்துத் தரும் இடம் என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். 'ட்ரோன் சர்வீஸ்' என்று வைத்தால் இறக்கை உடைந்த ட்ரோனைத் தூக்கிக்கொண்டு வேறொரு ட்ரோன்காரர் வந்து நிற்பார்.

'வாடகை' என்பது டிராக்டருக்கும் அறுவடை மெஷினுக்கும் பொருந்தும். அங்கே வாடகை என்றாலே டிரைவரோடு சேர்த்து மணிக்கணக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். ட்ரோனுக்கு அப்படி இல்லை. 'ட்ரோன் வாடகைக்கு' என்று போட்டால், காலையில் எடுத்துப் போய் தாங்களே அடித்துவிட்டு மாலையில் திருப்பித் தரலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, இந்த அளவு ட்ரோனைப் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டும். எனவே ஆளோடுதான் வரும் என்பது பெயரிலோ அடுத்த வரியிலோ தெரிந்தாக வேண்டும்.

'மையம்' என்றால் கொஞ்சம் அரசு வாடை அடிக்கும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

"எங்ககிட்ட ரெண்டு டிராக்டர், ரொட்டவேட்டர், கேஜ் வீல் எல்லாம் இருக்கு. சீசன்ல பெல்ட் டைப் அறுவடை மெஷினும் வெளியூர்லேர்ந்து எடுத்து ஓட்டுறோம். இப்ப பத்து லிட்டர் ட்ரோன் ஒண்ணு வாங்கியிருக்கோம். எல்லாத்துக்கும் ஒரே பேரா, தனித்தனியா?"

இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நீங்கள் மன்னார்குடி என்று வைத்துக்கொள்வோம். இப்போது 'பி.கே.எஸ். அக்ரோ சர்வீஸ்' என்று போர்டு இருக்கிறது. 'சர்வீஸ்' ஏன் கூடாது என்று மேலே சொல்லிவிட்டேன், அதை எடுத்துவிடலாம்.

அடுத்து எல்லோரும் செய்வது, இருப்பதை எல்லாம் பெயருக்குள் திணிப்பது: 'பி.கே.எஸ். உழவு, நடவு, அறுவடை, ட்ரோன் இயந்திர வாடகை நிலையம்'. இதை யாரும் முழுதாகச் சொல்ல மாட்டார்கள். 'பி.கே.எஸ்.' என்று சுருக்குவார்கள், மறுபடியும் வேலை தெரியாமல் போகும்.

இங்கே பார்க்க வேண்டியது எது தானாகவே தெரியும், எது தெரியாது என்பதுதான். கொட்டகை வாசலில் ரொட்டவேட்டர் மாட்டிய டிராக்டர் நின்றால் உழவு ஓட்டுகிறீர்கள் என்று வழியில் போகிறவருக்குத் தெரியும். சேற்றுழவுக்கான கேஜ் வீல் சுவரில் சாய்ந்திருந்தால் இன்னும் நன்றாகவே தெரியும். அறுவடை மெஷின் வந்து இறங்கினால் தெருவுக்கே தெரியும். ட்ரோன் மட்டும் மடித்துப் பெட்டிக்குள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒன்றைத்தான் பெயர் சுமக்க வேண்டும்.

ஆகவே பெரிய எழுத்தில் 'பி.கே.எஸ். வயல் ட்ரோன்'. கீழே, பாதி அளவில், 'உழவு • அறுவடை • மருந்து அடித்துத் தரப்படும்'. அதற்கும் கீழே ஊர்ப் பெயரும் போன் நம்பரும். நம்பர் பெயருக்குச் சமமான அளவில் இருந்தாலும் தப்பில்லை, பைக்கில் போகிறவர் படிக்க வேண்டும்.

"அப்போ அறுவடைக்கு ஆள் வராதா?" என்று கேட்பீர்கள். வரும். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது தனியாக ஒரு ஃபிளெக்ஸ் கட்டிவிடுங்கள்: 'நெல் அறுவடை மெஷின், பெல்ட் டைப், இங்கே'. அந்தச் சமயத்தில் விவசாயி தெரிந்துகொள்ள விரும்புவது பெல்ட்டா டயரா என்பதைத்தான். வயல் ஈரமாக இருந்தால் டயர் வண்டி இறங்காது. 'அதிநவீன அறுவடை இயந்திரம்' என்று எழுதுவதற்குப் பதில் 'ஈர வயலிலும் இறங்கும்' என்று எழுதினால் அது பத்துப் பெயருக்குச் சமம். சீசன் முடிந்ததும் ஃபிளெக்ஸை அவிழ்த்துவிடலாம், நிரந்தரப் பெயர் அப்படியே இருக்கும்.

வெளியூர் மெஷினை எடுத்து ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மெஷின் அடுத்த வருடம் உங்களிடம் வராமலும் போகலாம். அதைப் பெயருக்குள் கொண்டுவராமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"ஊர் பேரைச் சேர்க்கலாமா? 'மன்னை வயல் ட்ரோன்' நல்லாருக்கே?"

நல்ல பெயர்தான். 'மன்னை' என்றால் மன்னார்குடி என்று அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறீர்கள் என்பதும் தெரிந்துவிடும். ஆனால் கிராமத்தின் பெயரை வைக்காதீர்கள். அடுத்த கிராமத்துக்காரர் அது அவர்கள் ஊருக்கு மட்டும் என்று நினைப்பார், அல்லது முதலில் அவர்கள் ஊருக்குத்தான் அடிப்பார்கள், நமக்குக் கடைசியில்தான் வரும் என்று நினைப்பார். சந்தையோ பஸ் ஸ்டாண்டோ இருக்கும் ஊரின் பெயர் வைத்தால் இந்தப் பேச்சு வராது.

'வயல்' என்ற சொல்லும் எல்லா ஊருக்கும் ஒத்துவராது. ஈரோடு, திருப்பூர் பக்கம் போனால் கிணற்றுப் பாசன நிலம் 'தோட்டம்', மானாவாரி நிலம் 'காடு'. அங்கே 'வயல் ட்ரோன்' என்றால் நெல்லுக்கு மட்டும் என்று மஞ்சள்காரரும் மக்காச்சோளக்காரரும் ஒதுங்கிக்கொள்வார்கள். அங்கே 'தோட்டத்து ட்ரோன்' என்று வைத்துப் பார்க்கலாம், அல்லது பயிரையே சொல்லிவிடலாம். உங்கள் ஊரில் நிலத்துக்கு என்ன சொல்கிறார்களோ அதுதான் சொல்.

"மானியத்துல வாங்கின ட்ரோன். 'அரசு அங்கீகாரம் பெற்ற'ன்னு பேர்ல போட்டுக்கலாமா? எங்க மகளிர் குழுவுக்கு 'நமோ ட்ரோன்'னு வைக்கலாமான்னும் பேச்சு வந்துச்சு."

மானியம் வாங்கியதால் நீங்கள் அரசு அலுவலகம் ஆகிவிடுவதில்லை. சின்னங்கள், பெயர்கள் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1950லிருந்தே இருக்கிறது. அரசின் ஆதரவு இருப்பதுபோல் தோன்றும் பெயரைத் தொழிலுக்கு வைப்பதை அது தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், வியாபாரத்திலேயே அடி விழும். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர், அறுவடை மெஷின் எல்லாம் அரசு நிர்ணயித்த வாடகைக்கு விடுகிறது, 'உழவன்' செயலியும் 'இ-வாடகை'யும் பலருக்கும் தெரியும். உங்கள் போர்டில் அரசு வாடை அடித்தால் அந்த ரேட்டைத்தான் கேட்பார்கள். 'உழவன் வாடகை மையம்' மாதிரி அந்தச் செயலியை நினைவூட்டும் பெயர்களையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கச் சொல்கிறேன்.

மகளிர் குழுக்களுக்கு: நமோ ட்ரோன் தீதி 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட திட்டம், 15,000 சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் கொடுப்பது. அது திட்டத்தின் பெயர், கடையின் பெயர் அல்ல. திட்டத்தில் கிடைத்தது என்பதை நோட்டீஸின் கீழே ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். 'தீதி' என்ற சொல்லும் நம் ஊரில் புழங்குவதில்லை. ஆனால் குழுவில் ட்ரோன் ஓட்டும் பெண்ணை ஊரே 'ட்ரோன் அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டால், அதை அப்படியே போர்டில் ஏற்றுங்கள். ஊர் தானாக வைக்கிற பெயரை விடச் சிறந்த பெயரை நான் எழுதித் தர முடியாது. ஒரு ஜாக்கிரதை மட்டும்: பணம் அனுப்பும்போது போனில் குழுவின் வங்கிக் கணக்குப் பெயர், 'மல்லிகை மகளிர் சுய உதவிக் குழு' மாதிரி ஏதாவது வரும். வேறு யாருக்கோ போகிறதோ என்று விவசாயி தயங்குவார். கியூஆர் அட்டைக்கு மேல் இரண்டு பெயரையும் எழுதி ஒட்டுங்கள்.

"'பசுமை', 'இயற்கை' மாதிரி நல்ல தமிழ் பேரு?"

பூச்சிமருந்து அடிக்கிற தொழிலுக்கு 'இயற்கை' என்று பெயர் வைத்தால் இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் நம்பி வந்து ஏமாறுவார்கள், மற்றவர்கள் பஞ்சகவ்யம் மட்டும்தான் அடிப்பீர்கள் போல என்று வராமலே போவார்கள். 'பசுமை' என்றால் நர்சரி.

"பேர்லயே வேகத்தைச் சொன்னா என்ன? 'ஏழு நிமிட ட்ரோன்'?"

பறக்கும் நேரத்தை மட்டும் கணக்கிட்டால் ஒரு ஏக்கருக்கு ஏழிலிருந்து பத்து நிமிடம் என்பது பொய்யில்லை. மருந்து கலக்கி ஊற்றுவது, பேட்டரி மாற்றுவது, நடுவில் மின்கம்பி போகும் கோணல் வயல் இதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. காற்று அடித்தால் வேலையையே நிறுத்த வேண்டும். பெயரில் ஏழு நிமிடம் என்று எழுதிவிட்டு முக்கால் மணி நேரம் வரப்பில் நின்றால் கேலிதான் மிஞ்சும். அளவைச் சொல்ல வேண்டுமானால் ரேட் அட்டையில் சொல்லுங்கள். டெல்டாவில் பெரியவர்கள் மா கணக்கில் பேசுவார்கள், மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். 'ஏக்கருக்கு இவ்வளவு, மாவுக்கு இவ்வளவு' என்று இரண்டும் இருந்தால் வாய்ச்சண்டை குறையும்.

"பேரைப் பதிவு பண்ணிட்டா வேற யாரும் வைக்க முடியாதுல்ல?"

இங்கேதான் ஒரு முடிச்சு. விவசாயிக்குச் சட்டென்று புரிகிற பெயர் எதுவோ, அதுதான் வர்த்தகச் சின்னமாகப் பதிய கஷ்டமான பெயர். 1999ஆம் ஆண்டின் வர்த்தகச் சின்னங்கள் சட்டம், 9ஆம் பிரிவு, வேலையையும் ஊரையும் மட்டும் விவரிக்கும் சொற்களை ஒருவருக்கே உரிமையாக்கித் தருவதற்குத் தடை போடுகிறது. நீண்ட காலம் பயன்படுத்தி அந்தப் பெயர் உங்களுடையது என்று ஆகியிருந்தால் தவிர. 'மன்னை வயல் ட்ரோன்' என்பதில் ஊரும் வேலையும்தான் இருக்கிறது. நாளைக்கே எதிர்த்த தெருவில் இன்னொருவர் 'மன்னை வயல் ட்ரோன்கள்' என்று வைத்தால் தடுப்பது சிரமம்.

வழி, முன்னால் உங்களுக்கே உரிய ஒரு சொல்லைச் சேர்ப்பது. இனிஷியல், குடும்பப் பெயர், இல்லை ஒரு பறவையின் பெயர். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் அடித்துக்கொண்டு உள்ளூரிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் இனிஷியலோடு நிறுத்திக்கொண்டு பதிவை மறந்துவிடுங்கள். நாலைந்து ட்ரோன், வேறு மாவட்டத்திலும் ஆள் என்று போகும் எண்ணம் இருந்தால் பதியுங்கள். இந்த வேலை 44ஆம் வகுப்பில் வரும், தனிநபர் இணையம் வழியாக விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். முதலில் அதே பெயர் ஏற்கனவே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 'கருடா' என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். சென்னையில் கருடா ஏரோஸ்பேஸ் என்ற பெயரில் ட்ரோன் தயாரிக்கும் நிறுவனமே இருக்கிறது. அந்தப் பெயரை எடுத்தால் அவர்களுடைய கிளை என்று விவசாயி நினைப்பார், அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது வேறு.

"கூகுள் மேப்ல எப்படிப் போடுறது? பேரோட 'பெஸ்ட் ட்ரோன் ஸ்பிரேயிங் மன்னார்குடி'ன்னு சேர்த்தா மேல வரும்னு சொல்றாங்க."

பெயர் கட்டத்தில் போர்டில் இருக்கும் பெயர் மட்டும் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. அதற்கு மேல் சொற்களைத் திணித்தால் யாராவது புகார் செய்து பக்கத்தையே முடக்க வைக்கலாம். வேலைகளை எழுதுவதற்குச் 'சேவைகள்', 'விளக்கம்' என்று தனி இடங்கள் இருக்கின்றன. அங்கே 'ட்ரோன்' என்றும் 'டிரோன்' என்றும் இரண்டு எழுத்திலும் எழுதுங்கள், ஆட்கள் இரண்டு விதமாகவும் தேடுகிறார்கள். போர்டில் ஒரே எழுத்துதான்.

"வச்ச பேரு சரியா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

போர்டு அடிப்பதற்கு முன்னால், உங்கள் தொழில் தெரியாத நான்கைந்து விவசாயிகளுக்கு டீக்கடையிலோ நெல் கொள்முதல் நிலையத்திலோ பெயரை மட்டும் சொல்லுங்கள், விளக்கம் வேண்டாம். "இவங்க என்ன வேலை செய்றாங்கன்னு நினைக்கிறீங்க? எதுக்குப் போன் பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். பொதுவாக 'நல்ல பேரு' என்று சொன்னால் அது பதில் இல்லை. "மருந்து அடிக்கிறவங்க" என்றோ "வயலுக்கு ட்ரோன் விடுறவங்க" என்றோ வாயிலிருந்து வந்தால் சரி. ஒருவர் கேமரா என்றால் கூட பெயரைத் திருத்துங்கள்.

அப்புறம் போனில் சொல்லிப் பாருங்கள், டிராக்டர் ஓடும் சத்தத்தில். ஒருவர் 'தும்பி ட்ரோன்' என்று வைக்க ஆசைப்பட்டார். பறக்கிற விதத்துக்குப் பொருத்தமான, அழகான பெயர். போனில் சொன்னபோது கேட்டவர் எல்லோரும் "தம்பி ட்ரோனா?" என்றார்கள். அவர் சிரித்துவிட்டு அதையே வைத்துக்கொண்டார்.

கடைசியாக, நம்பரைக் கொடுத்துவிட்டு அவர் எந்தப் பெயரில் பதிந்துகொள்கிறார் என்று பாருங்கள். 'ட்ரோன் மன்னை' என்றோ 'வயல் ட்ரோன்' என்றோ பதிந்தால் அடுத்த போகத்தில் தேடும்போது கிடைப்பீர்கள். 'குமார் புதுசு' என்று பதிந்தால், உங்கள் பெயர் அவர் மனதில் தங்கவே இல்லை.

"மூணு வருஷமா பழைய பேருலயே ஓடுது. இப்ப மாத்தினா இருக்கிற ஆளும் போயிடுமே?"

பெயரை மாற்ற வேண்டாம், நம்பரையும் மாற்ற வேண்டாம். பழைய பெயரைச் சிறிதாக்கி மேலே வைத்து, 'வயல் ட்ரோன், மருந்து அடித்துத் தரப்படும்' என்பதைப் பெரிதாக்குங்கள். போர்டில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் வர வேண்டும் என்று தமிழ்நாட்டுக் கடை விதிகளே சொல்வதால், ஆங்கிலத்தில் மட்டும் எழுதி வைத்திருப்பவர்கள் எப்படியும் ஒருமுறை போர்டை மாற்றத்தான் வேண்டும். அந்தச் செலவிலேயே இதையும் முடித்துக்கொள்ளலாம். டிராக்டர் டிரெய்லர் பின்பக்கமும் ட்ரோன் பெட்டியின் மூடியும் காலியாக இருந்தால் அங்கேயும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். வரப்பில் வேடிக்கை பார்க்க நிற்கிறவர்கள் படிப்பது அதைத்தான்.